பெருங்காயத்தில் ஒளிந்திருக்கும் மைதா: கோதுமை ஆகாத சைவக்காரர் பெங்களூரிலிருந்து நீண்ட விமானம் ஏறும்போது

கோதுமை போன்ற தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் ஆகாத சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு விமானச் சாப்பாடு பற்றி எல்லோரும் முதலில் சொல்லும் யோசனை, டிக்கெட் போடும்போதே குளூட்டன் இல்லாத சாப்பாட்டைக் கேட்டுவிடுங்கள் என்பதுதான். யோசனை சரிதான், ஆனால் அது பாதிக் கிணறுகூட இல்லை. அந்தச் சாப்பாடு வராமல் போகலாம். வந்தாலும், நீங்கள் சைவமாக இருந்தால், தட்டில் கோழி இருக்கலாம். விமானம் ஏறும் முன்பே, விமான நிலையத்தில் “இட்லிதானே, அரிசிதானே” என்று நம்பி வாங்கிய தட்டில் கோதுமை உள்ளே போயிருக்கவும் கூடும். அதனால் இந்தக் கட்டுரையில் கையில் கட்டிக்கொண்டு போகும் சாப்பாடுதான் பிரதானம், விமானத்தில் தருவது துணை.

உதாரணத்துக்கு என் பெரியம்மாவின் பயணத்தையே எடுத்துக்கொள்கிறேன். பாணஸ்வாடியில் வீடு, சுத்த சைவம், முட்டையும் கிடையாது. பெங்களூரிலிருந்து பிராங்பர்ட், அங்கே சுமார் ஐந்து மணி நேரம் காத்திருந்து சிகாகோ, மகன் வீட்டுக்கு. விமானம் விடிகாலை 3 மணி வாக்கில். வீட்டை விட்டு இரவு 10 மணிக்குக் கிளம்பினால் சிகாகோவில் மகன் வீட்டுச் சமையலறைக்குள் கால் வைக்க ஏறத்தாழ 31 மணி நேரம் ஆகும். விமான நேரத்தை மட்டும் கூட்டினால் 20 மணி நேரத்துக்குள்தான் வரும். ஆனால் பசிக்கு அந்தக் கணக்கு தெரியாது, வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரைதான் கணக்கு.

எதை, எவ்வளவு தவிர்க்க வேண்டும்

கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்றிலும் இருக்கும் புரதம்தான் குளூட்டன். சீலியாக் உள்ளவர்களுக்கு அது சிறுகுடலின் உட்சுவரைத் தாக்க உடம்பையே தூண்டிவிடுகிறது. ரவை, மைதா, சேமியா, பிரெட் எல்லாம் கோதுமை என்று நமக்குத் தெரியும். ஹார்லிக்ஸ் போன்ற மால்ட் பானங்களில் பார்லி இருக்கிறது என்பது பலருக்குத் தோன்றாது. சோயா சாஸ் பெரும்பாலும் கோதுமை சேர்த்துத்தான் தயாராகிறது.

அளவு விஷயத்தில்தான் வீட்டுக்காரர்கள் ஏமாறுகிறார்கள். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் “குளூட்டன் இல்லாதது” என்று பாக்கெட்டில் அச்சிட உச்சவரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம். நாளொன்றுக்கு மொத்தமாக 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் பெரும்பாலானவர்களின் குடல் தாங்கும் என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு. ஒரு துண்டு பிரெட்டில் இருப்பது கிராம் கணக்கில். ஆகவே ரொட்டியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு அதே தட்டில் மீதியைச் சாப்பிடுவது தீர்வே அல்ல, சோற்றின் மேல் விழுந்த துகளே போதும்.

கோதுமை அலர்ஜி வேறு நோய். சாப்பிட்ட சில நிமிடங்களில் மூச்சுத்திணறல் வரை போகக்கூடியவர்கள் மருத்துவரிடம் கேட்டு ஊசி மருந்தோடுதான் பறக்க வேண்டும். நான் இங்கே எழுதுவது சீலியாக் உள்ளவர்களுக்கு.

நம் ஊர்ச் சாப்பாட்டில் எங்கே மாட்டுவோம்

பெருங்காயத்தில்தான். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயம், கட்டியானாலும் தூளானாலும், வெறும் பெருங்காயம் அல்ல. சுத்தப் பிசின் தாங்க முடியாத காரமும் வாசனையும் உள்ளது என்பதால் கோந்தும் மாவும் கலந்து விற்கிறார்கள். பல பிராண்டுகளில் அந்த மாவு மைதாதான். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், பொடி எழுத்தில் போட்டிருக்கும். அரிசி மாவு கலந்ததும் சந்தையில் உண்டு, அதைத்தான் வீட்டில் வைத்திருக்க வேண்டும். ஒரு சிட்டிகை பெருங்காயத்தில் எவ்வளவு மைதா வந்துவிடும் என்று கேட்பார்கள். ஒரு சிட்டிகை கால் கிராம், அதில் பாதி மைதா என்று வைத்துக்கொள்ளுங்கள். மைதாவில் பத்தில் ஒரு பங்கு குளூட்டன். அதாவது 12.5 மில்லிகிராம். நான்கு பேர் சாம்பாரில் அது பிரிந்துபோகும், உண்மைதான். ஆனால் சாம்பார், ரசம், பொரியல், மோர், ஊறுகாய் என்று நாள் முழுக்கச் சிட்டிகை சிட்டிகையாகச் சேரும்போது 10 என்ற வரம்பு சீக்கிரம் வந்துவிடும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு கெம்பேகவுடா விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்தில் ஒரு தென்னிந்திய டிபன் கடை முன்னால் நில்லுங்கள். வெளிநாட்டு விமானங்கள் எல்லாம் 2023 செப்டம்பரிலிருந்து அங்கிருந்துதான் கிளம்புகின்றன. அரிசி இட்லி ஆகும், சாம்பாரில் பெருங்காயம். பொங்கலிலும் பெருங்காயம். உளுந்து வடையில் பெருங்காயம் போதாதென்று, போண்டாவும் சமோசாவும் பொரித்த எண்ணெய். தோசையில் ஒன்றும் இல்லை, ஆனால் அதே கல்லில் முந்தின நிமிடம் ரவா தோசை ஊற்றியிருப்பார்கள். பெங்களூருக்கே உரிய ஆபத்து ரவா இட்லி. அரிசி இட்லியோடு அதே அலமாரியில், சமயத்தில் அதே இட்லிப் பானையில் இருக்கும். காரா பாத்தும் சௌ சௌ பாத்தும் பெயரில் பாத், உள்ளே ரவை.

கடையில் “குளூட்டன் இருக்கா?” என்று கேட்டுப் பயனில்லை. “இல்ல சார், பியூர் வெஜ்” என்று மனப்பூர்வமாகச் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, கேள்வி அவர்கள் காதில் அப்படித்தான் விழுகிறது. பொருளாகக் கேளுங்கள்: இதில் பெருங்காயம் போட்டிருக்கா? இந்தக் கல்லில் ரவா தோசை சுடறீங்களா? சட்னி தாளிப்பில் என்ன போடறீங்க? மூன்று கேள்வியில் இரண்டுக்குச் சரியான பதில் வராவிட்டால் நகர்ந்துவிடுங்கள். என் அபிப்பிராயத்தில், பாதுகாப்புச் சோதனை முடிந்த பிறகு அங்கே சீலியாக் உள்ளவர் நிம்மதியாக வாங்கக்கூடியது பில்டர் காபி, தோல் உரித்துச் சாப்பிடும் பழம், பாக்கெட்டில் வரும் உப்புக்கடலை, உருளைக்கிழங்கு வறுவலில் மசாலா இல்லாத வெறும் உப்பு வகை. மசாலாக் கடலைக்கு மாவுப் பூச்சு இருக்கும், அது வேண்டாம்.

விமானச் சாப்பாட்டுக் குறியீடு

முன்பதிவுப் பக்கத்தில் சிறப்புச் சாப்பாடு என்ற இடத்தில் நான்கெழுத்துக் குறியீடுகள் வரும். எல்லா விமான நிறுவனங்களுக்கும் இவை ஏறக்குறைய ஒன்றே. நமக்கு வேண்டியவை மூன்று.

GFML என்பது குளூட்டன் இல்லாதது. AVML என்பது நம்மூர் பாணி சைவம். FPML என்பது வெறும் பழத்தட்டு.

சிக்கல் என்னவென்றால், பெரும்பாலான நிறுவனங்களில் ஒரு பயணிக்கு ஒரு விமானத்தில் ஒரு குறியீடுதான் போட முடியும். AVML போட்டால் சைவம் உறுதி, ஆனால் சப்பாத்தியோ உப்புமாவோ வரும். GFML போட்டால் கோதுமை இருக்காது, கோழியோ மீனோ இருக்கலாம். இரண்டையும் சேர்த்துக் கேட்க அந்தப் பக்கத்தில் வழி இருக்காது. தொலைபேசியில் கூப்பிட்டு GFML-உடன் “சைவம்” என்று குறிப்பு எழுதச் சொல்லலாம். எழுதுவார்கள். அந்தக் குறிப்பைச் சமையல்கூடம் மதிக்க வேண்டிய கட்டாயம் கிடையாது.

அசைவம் சாப்பிடுபவர் யோசிக்க வேண்டியதில்லை, GFML போட்டுவிடலாம். சுத்த சைவக்காரருக்கு, கையில் சாப்பாடு இருக்கும் பட்சத்தில், FPML தரும் நிறுவனமாக இருந்தால் அதைத்தான் நான் சொல்வேன். வெட்டிய பழத்தில் கோதுமையும் இல்லை, மாமிசமும் இல்லை, கட்டுச் சோற்றோடு தொட்டுக்கொள்ள ஈரப்பதமாக ஒன்று கிடைத்த மாதிரியும் ஆச்சு. சர்க்கரை வியாதியும் சேர்ந்து இருப்பவர்களுக்கு இது ஒத்துவராது, அவர்கள் GFML போட்டு, உள்ளே வரும் சோறு, காய், சாலட் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். பெரியம்மாவுக்கு இரண்டு விமானத்துக்கும் FPML போட்டோம்.

போடும்போது கவனிக்க வேண்டியவை: ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியாகப் பதிவாகியிருக்கிறதா பாருங்கள், முதல் விமானத்துக்கு மட்டும் பதிவாகி இரண்டாவது காலியாக இருப்பது சாதாரணம். டிக்கெட் ஒரு நிறுவனத்தின் பெயரிலும் பறப்பது இன்னொரு நிறுவனத்தின் விமானத்திலும் என்றால், பறக்கும் நிறுவனத்திடம்தான் உறுதி செய்ய வேண்டும். பொதுவாகக் கிளம்ப 24 மணி நேரத்துக்கு முன்பு வரை கேட்பார்கள், சிலர் 48 மணி நேரம் கேட்பார்கள், ஒரு வாரம் முன்பே முடித்துவிடுவது நல்லது. தேதி மாறினாலோ, விமானம் ரத்தாகி வேறு விமானத்தில் ஏற்றினாலோ, அந்தக் கோரிக்கை கூடவே வராது, திரும்பப் போட வேண்டும். சிறப்புச் சாப்பாட்டில் இருக்கை எண் ஒட்டியிருக்கும் என்பதால் யாருக்காவது இடம் மாறிக் கொடுத்தால் பணிப்பெண்ணிடம் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் உங்கள் தட்டு வேறொருவர் மடியில் இறங்கும்.

GFML தட்டு வந்ததும் மூடியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள், பிறகுதான் பிரிக்க வேண்டும். சூடான பெட்டி மூடி முத்திரையோடு வரும், அது சரியாக இருக்கும். தவறு நடப்பது தட்டின் ஓரத்தில்: எல்லோருக்கும் வைக்கும் பன்னை இதிலும் பழக்கதோஷத்தில் வைத்துவிடுவார்கள். பிளாஸ்டிக் உறை பிரியாமல் இருந்தால் எடுத்துத் திருப்பிக் கொடுங்கள். உறையில்லாமல் சாலட் மேல் கிடந்தால் சாலட்டை விட்டுவிடுங்கள். நடுவில் கூடையில் கொண்டுவரும் பிஸ்கட், சாண்ட்விச் எல்லாம் பொது, குறியீட்டுக்கு அதில் வேலையில்லை.

கட்டுச் சோறு

மூன்று வகை செய்துகொள்கிறோம், கெடும் வேகத்தின் வரிசையில் சாப்பிடுகிறோம். வழியில் சூடு பண்ணித் தருவார்கள் என்று எண்ண வேண்டாம். வெளிச் சாப்பாட்டை விமானத்தில் சூடாக்கவோ குளிர்பெட்டியில் வைக்கவோ பெரும்பாலும் மறுப்பார்கள். ஆறியே சாப்பிடக்கூடியதாக இருக்க வேண்டும்.

முதலாவது பொடி இட்லி. வீட்டு மாவு, வீட்டு மிளகாய்ப்பொடி, பொடியில் அரிசி மாவுப் பெருங்காயம் அல்லது பெருங்காயமே இல்லாமல். இரவு 8 மணிக்கு ஆறு இட்லி எடுத்து, துணி மேல் தனித்தனியாகப் பரப்பி, முழுக்க ஆறவிடுங்கள். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் மூடியில் நீர் கோத்து, சொட்டி, சில மணி நேரத்தில் பிசுபிசுப்பு வந்துவிடும். ஆறியபின் நல்லெண்ணெயில் குழைத்த பொடியை இரண்டு பக்கமும் தடவி, வாட்டிய வாழையிலையில் மடித்து டப்பாவில் வையுங்கள். பொடியையும் எண்ணெயையும் தனிக் கிண்ணத்தில் கொண்டுபோனால் பாதுகாப்புச் சோதனையில் அது குழம்பு, சட்னி வகையில் சேரும், 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள். இட்லி மேல் தடவியிருந்தால் அது இட்லிதான். ஊறுகாய், தயிர், நெய்க்கும் அதே 100 மில்லி கணக்கு. தயிர் சாதம் தளர இருந்தால் வாதம் நடக்கும், அதனால் நான் சேர்ப்பதில்லை.

இரண்டாவது புளியோதரை. அரை ஆழாக்கு அரிசி ஒருவருக்கு ஒரு வேளை. புளிக்காய்ச்சலை எண்ணெய் பிரியும் வரை சுண்டவிட வேண்டும், நீர் நின்றால் கெடும். சோற்றை உதிரியாக வடித்து, அகலத் தாம்பாளத்தில் கொட்டி, நல்லெண்ணெய் விட்டு, விசிறி ஆறவைத்த பிறகே கலக்க வேண்டும். காரணம் இருக்கிறது. வெந்த சோற்றிலும் உயிரோடு தங்கும் ஒரு பாக்டீரியா உண்டு, பேசில்லஸ் சீரியஸ் என்று பெயர். சோறு மிதமான சூட்டில் மணிக்கணக்கில் குவியலாகக் கிடந்தால் பெருகி நஞ்சை விட்டுவிடும், அந்த நஞ்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. சீக்கிரம் ஆறவைப்பதும், புளியின் புளிப்பும் எண்ணெயும்தான் அதைக் கட்டுப்படுத்துகின்றன. எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம் இவ்வளவு நேரம் தாங்காது, தேங்காய் சாதம் கூடவே கூடாது. திறந்ததும் புளிவாசனையைத் தாண்டி வேறொரு புளித்த வாடை வந்தாலோ, பருக்கையை விரலால் எடுக்கும்போது நூல் விட்டாலோ, ருசி பார்க்காமலே போட்டுவிடுங்கள்.

மூன்றாவதுதான் இந்தப் பயணத்தில் முக்கியமானது: காய்ந்த அவல். பெங்களூர்க் கடைகளில் பேப்பர் அவலக்கி என்று கேளுங்கள், மெல்லிசாக இருக்கும். கெட்டி அவல் விமானத்தில் ஊறாது. மூட்டையிலிருந்து அள்ளித் தருவதை வாங்காதீர்கள், பக்கத்து மூட்டையில் ரவை இருந்தால் அந்த அளப்பான்தான் இதிலும் போகும். பாக்கெட்டில் அடைத்து, குளூட்டன் இல்லை என்று அச்சிட்டதாகப் பாருங்கள். 60 கிராம் அவலை வெறும் வாணலியில் மொறுமொறுப்பாகும் வரை சிறு தீயில் வறுத்து எடுங்கள். அதே வாணலியில் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய், கடுகு, உளுத்தம்பருப்பு, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, கிள்ளிய மிளகாய் வற்றல், மஞ்சள்தூள். கறிவேப்பிலை போட்டால் ஈரம் முழுக்கப் போய் நொறுங்கும் வரை வதக்க வேண்டும். உப்பு, கொஞ்சம் ஆம்சூர் தூள் சேர்த்து அவலோடு கலந்து, ஆறியதும் ஜிப் கவரில் அடைத்துவிடுங்கள். ஈரமே இல்லாததால் ஒரு வாரம்கூட நிற்கும். இதுபோல் மூன்று கவர்.

கூடவே மூடியுள்ள ஒரு எவர்சில்வர் டப்பா, ஒரு ஸ்பூன். விமானத்தில் வெந்நீர் எல்லோருக்கும் தருவார்கள். ஒரு கவரை டப்பாவில் கொட்டி, முதலில் அரை கப் வெந்நீர் மட்டும் தெளித்து, கிளறி, மூடி நான்கைந்து நிமிடம் வையுங்கள். விமானத்து வெந்நீர் வீட்டில் கொதிப்பது போல் இருக்காது, ஆனால் மெல்லிய அவலுக்கு அந்தச் சூடு போதும். திறந்து பார்த்து, வறண்ட இடம் இருந்தால் ஒவ்வொரு ஸ்பூனாகத் தெளிக்கலாம். மொத்தமாக ஊற்றினால் களியாகிவிடும். கலந்ததும் ஒரு அவலை விரலிடையில் நசுக்கிப் பாருங்கள், நடுவில் வெள்ளைக் கோடு தெரிந்தால் இன்னும் இரண்டு நிமிடம்.

“வெந்நீர் கேட்டா கொடுப்பாளாடா, மொறைப்பாளா?” என்று பெரியம்மா கேட்டது எனக்கு நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. எல்லோருக்கும் தட்டு கொடுக்கும் அமளியில் கேட்டால் தாமதமாகும். தட்டுகளை வாங்கிக்கொண்டு போன பிறகு, பின்பக்கம் சமையல் மூலைக்கே டப்பாவோடு நடந்துபோய்க் கேட்டால் உடனே கிடைக்கும். காலுக்கும் நடை.

31 மணி நேரத்தை நிரப்புவது

இரவு 9.30-க்கு வீட்டில் முழுச் சாப்பாடு: சோறு, வீட்டு ரசம், காய், தயிர். விமான நிலையத்தில் காபி மட்டும். பாதுகாப்புச் சோதனையில் மத்திய தொழில் பாதுகாப்புப் படையினர் டப்பாவைத் திறக்கச் சொன்னால் மேலாக எடுக்கும்படி பையில் வைத்துக்கொள்ளுங்கள், அடியில் துணிக்கு நடுவே அல்ல.

விமானம் கிளம்பி முதல் தட்டு வரும்போது நம் கணக்கில் காலை 4.30. பழத்தட்டோடு மூன்று இட்லி. தூங்கி எழுந்து, இறங்குவதற்குக் கொஞ்சம் முன், காலை 11 வாக்கில் மீதி மூன்று இட்லி. செய்து 15 மணி நேரம் ஆகியிருக்கும், விமானத்தின் குளிரில் தாங்கும், ஆனால் இதற்குமேல் வைக்காதீர்கள்.

பிராங்பர்ட்டில் இறங்கும்போது நம் மணி பகல் 1. மறுபடியும் பாதுகாப்புச் சோதனை உண்டு, தண்ணீர் பாட்டிலைக் காலி செய்துவிடுங்கள். சோதனை தாண்டி உட்கார்ந்ததும் புளியோதரையை முடித்துவிட வேண்டும், சிகாகோ விமானத்துக்கு என்று மிச்சம் பிடிக்கக் கூடாது. இரண்டாவது விமானத்தின் ஒன்பதரை மணி நேரத்துக்கு இரண்டு கவர் அவலும் அவர்கள் தரும் பழமும். மூன்றாவது கவர், விமானம் தாமதமானால் என்று.

இதையெல்லாம் சுமந்துகொண்டு பிராங்பர்ட்டில் கடையே பார்க்க வேண்டாமா என்றால், அங்கேதான் நம்பி வாங்க முடியும் என்பேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கும் சட்டப்படி, பாக்கெட்டில் அடைத்த பொருளின் சேர்மானப் பட்டியலில் 14 வகை ஒவ்வாமைப் பொருட்களைத் தடித்த எழுத்திலோ வேறு விதத்திலோ தனித்துத் தெரியும்படி அச்சிட வேண்டும். குளூட்டன் உள்ள தானியங்கள் அந்தப் பட்டியலில் உண்டு. உணவகத்தில் தட்டில் போட்டுத் தரும் சாப்பாட்டுக்கும் அந்த விவரத்தைச் சொல்லியாக வேண்டும். கல்லாவில் கேட்டால் அந்த விவரம் உள்ள கோப்பு ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். குறுக்குக் கோடு போட்ட கோதுமைக் கதிர் சின்னம் இருந்தால் மொழியே தேவையில்லை. சின்னம் இல்லாத பாக்கெட்டுகளுக்காக, கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ் இவற்றின் ஜெர்மன் பெயர்களும் “நான் மாமிசம், மீன், முட்டை சாப்பிடமாட்டேன்” என்ற வரியும் உள்ள ஒரு அட்டையை வீட்டிலேயே அச்சிட்டு, டிக்கெட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். பெரியம்மா மாதிரி ஆங்கிலம் தயங்கிப் பேசுபவர்களுக்கு அந்த அட்டை பாஸ்போர்ட்டுக்கு அடுத்த இடம்.

சட்டத்துக்கும் ஒரு எல்லை உண்டு. அது சேர்மானத்தைத்தான் சொல்ல வைக்கிறது. உருளைக்கிழங்கு வறுவலின் பட்டியலில் கோதுமை இருக்காது, ஆனால் பொரித்த எண்ணெயில் மாவு தோய்த்த பண்டமும் பொரிந்திருக்கலாம். தனி எண்ணெயா என்று கேட்க வேண்டும். வெறும் தயிர்க் கோப்பை, வாழைப்பழம், பாதாம், சீஸ் துண்டு போதும், சூப் வேண்டாம், அதைக் கெட்டியாக்கப் பெரும்பாலும் மாவுதான் போடுகிறார்கள்.

இறங்கும் முன்

அமெரிக்காவில் இறங்குகிறீர்கள் என்றால் பழம், காய், விதை, பச்சைக் கறிவேப்பிலை எதுவும் பையில் இருக்கக் கூடாது. விமானத்தில் கொடுத்த ஆரஞ்சுக்கும் அதே சட்டம்தான். பையில் போட்டுவைத்தால் நாய் மோப்பம் பிடித்துவிடும். அங்கேயே சாப்பிடுங்கள், இல்லை இருக்கையிலேயே விட்டுவிடுங்கள். மிஞ்சிய அவல் கவரைப் பற்றிச் சுங்கத்தில் உணவு இருக்கிறதா என்று கேட்கும்போது ஆமாம் என்று சொல்லிவிட வேண்டும். சொன்னால் அதிகபட்சம் எடுத்துப் போட்டுவிடுவார்கள், மறைத்தால்தான் அபராதம். அமெரிக்கா போகும் விமானங்களில் 350 மில்லிக்கு மேற்பட்ட பொடி வகையைக் கைப்பையில் வைத்தால் கூடுதல் சோதனை உண்டு. அதனால் அங்கே சமையலுக்குக் கொண்டுபோகும் சாம்பார்ப்பொடி, மிளகாய்ப்பொடி, அரிசி மாவுப் பெருங்காயம் எல்லாம் பெரிய பெட்டிக்குள் போகட்டும்.

திரும்பி வரும் பயணத்துக்கு FPML-ஐத் தனியாகப் பதிவு செய்தீர்களா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். மெல்லிய அவல் அங்குள்ள இந்தியக் கடைகளில் கிடைக்கும். புளிக்காய்ச்சல் மட்டும் மகன் வீட்டு அடுப்பில்தான் கிண்ட வேண்டும், கடைப் புளியோதரைப் பேஸ்ட்டில் மறுபடியும் அதே பெருங்காயம்.